கியூரியாசிட்டிக்குள் இருப்பது அணு உலையா?

“கியூரியாசிட்டி ரோவருக்குள் அணு உலை ஓடுகிறது, வெடித்தால் செவ்வாயே காலி!”

செவ்வாயில் உலவும் நாசாவின் இந்த ஊர்தியில் உலையே கிடையாது. ரோவரின் பின்பக்கம் சாய்வாக நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில் சுமார் 4.8 கிலோ புளூட்டோனியம் டை ஆக்சைடு இருக்கிறது. அதிலுள்ள புளூட்டோனியம்-238 தானாகச் சிதைந்து சூடாகிறது. அணுகுண்டில் நடக்கும் தொடர்வினை இங்கே நடப்பதில்லை. உள்ளே கடும் சூடு, வெளியே செவ்வாயின் குளிர். நடுவிலுள்ள வெப்பமின் இணைகள் அந்த வித்தியாசத்தை மின்சாரமாக்குகின்றன. சுழலும் பாகம் ஒன்றுகூட இல்லை.

கிளம்பியபோது 2000 வாட் வெப்பத்திலிருந்து கிடைத்தது ஏறக்குறைய 110 வாட்தான். பழைய குண்டு பல்பு ஒன்றுக்கே சரியாகப் போய்விடும்! அதனால் ரோவர் ஓய்வெடுக்கும்போது பேட்டரியில் சேர்த்து, ஓடும்போது செலவழிக்கிறது.

சரி, சோலார் போதாதா? 2018 புழுதிப்புயலில் வெயில் மறைந்ததும், சோலாரை நம்பியிருந்த இன்னொரு செவ்வாய் ரோவரான ஆப்பர்ச்சுனிட்டி அடங்கிப்போனது. கியூரியாசிட்டி அதே புயலில் வேலை பார்த்துக்கொண்டிருந்தது.