விலையை ரிமோட் கான்ஃபிக்கில் வைக்காதீர்கள்

தீபாவளிக்கு நான்கு நாள் முன்பு நடந்தது இது. நான் வேலை பார்த்த மளிகை டெலிவரி ஆப்பில் டெலிவரி கட்டணத்தை 30 ரூபாயிலிருந்து 40 ஆக்க முடிவு செய்தார்கள். புது வெர்ஷன் போட வேண்டாம், ஆப் படிக்கும் மதிப்புகளை வெளியிலிருந்தே மாற்ற உதவும் ஃபயர்பேஸ் ரிமோட் கான்ஃபிக்கில் மாற்றினால் போதும் என்று நான்தான் சொன்னேன். காலை 10 மணிக்கு கன்சோலில் `delivery_fee` என்ற இடத்தில் 40 என்று போட்டு பப்ளிஷ் அழுத்தினோம். அதே நேரத்தில் பில் போடும் சர்வரிலும் 40 ஆக்கிவிட்டார்கள். ஐந்து நிமிட வேலை.

மதியத்துக்குள் டெலிவரி தம்பிகளிடமிருந்து போன் வர ஆரம்பித்தது. ஒரு வீட்டில் அம்மா ஒருவர் கார்ட் ஸ்க்ரீன்ஷாட்டைக் காட்டி, "தம்பி, இதில் முப்பதுன்னு போட்டிருக்கு, நீ நாப்பது கேக்குறியே" என்று கேட்டிருக்கிறார். அவர் சொன்னது சரிதான். அந்தத் தம்பி வாசலில் நின்று வாதாட மனமில்லாமல் தன் கையிலிருந்து பத்து ரூபாய் போட்டுவிட்டு வந்துவிட்டார். மாலையில் இன்னொரு ஸ்க்ரீன்ஷாட் வந்தது. அதில் டெலிவரி கட்டணம் ₹0. ஒரே ஊர், ஒரே நாள், ஒரே ஆப். ஒரு போனில் 30, ஒன்றில் 40, ஒன்றில் 0. பில் மட்டும் எல்லோருக்கும் 40.

இது எப்படி நடந்தது என்று உட்கார்ந்து பார்த்தபோதுதான், பல வருடங்களாகப் பயன்படுத்தும் ஒன்றை நான் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்று தெரிந்தது.

முதலில் அந்த 30. பப்ளிஷ் அழுத்தியதும் எல்லாப் போனுக்கும் மதிப்பு பறந்து போய்விடும் என்று கன்சோலைப் பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. போன்தான் போய்க் கேட்க வேண்டும். ஒருமுறை கேட்டு வாங்கியதை, நாம் வேறு அளவு சொல்லாவிட்டால், 12 மணி நேரம் தன்னிடமே வைத்துக்கொள்ளும். அந்த அம்மா காலை 9.40-க்கு ஆப்பைத் திறந்திருந்தால் அப்போதே 30 வந்து உட்கார்ந்துவிட்டது. அப்புறம் இரவு 9.40 வரை எத்தனை முறை திறந்தாலும், மதிப்பைக் கேட்டு வாங்கும் `fetchAndActivate()` சர்வர் பக்கமே போகாது. முந்தைய நாள் மாலைக்குப் பிறகு ஆப்பைத் தொடாதவர் 10.15-க்குத் திறந்தால் அவருக்கு உடனே 40. தினமும் நம் ஆப்பைத் திறக்கும் வாடிக்கையாளருக்குத்தான் பழைய விலை அதிக நேரம் தெரிந்தது என்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

இந்த 12 மணி நேரத்தைக் குறைக்கலாம். ஆனால் அந்த அளவு ஆப்பின் கோடுக்குள் இருக்கிறது. அதை மாற்ற நாங்கள் புது வெர்ஷன்தான் போட வேண்டியிருந்தது. சுழியம் என்று வைத்துத் தப்பிக்கவும் முடியாது. அடிக்கடி கேட்டால் கோரிக்கைகளைத் தடுத்துவிடுவார்கள். 30-க்கே திரும்பிவிடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். கன்சோலில் ரோல்பேக் செய்யலாம்தான். ஆனால் அதுவும் இன்னொரு பப்ளிஷ்தான். 40-ஐ வாங்கி வைத்திருக்கும் போன், வாங்கியதிலிருந்து 12 மணி நேரம் 40-தான் காட்டும்.

அடுத்தது அந்த ₹0. இது முழுக்க எங்கள் தவறு. ஆப்பில் படிக்கும் வரி இப்படி இருந்தது:

```kotlin
val fee = remoteConfig.getLong("delivery_fee")
```

சர்வர் மதிப்பு வராதபோது பயன்பட ஆப்புக்குள் வைத்திருந்த டீஃபால்ட் கோப்பில் இப்படி:

```xml
<entry>
  <key>delivery_charge</key>
  <value>30</value>
</entry>
```

எப்போதோ யாரோ பெயரை மாற்றியபோது ஒரு பக்கம் விட்டுப்போயிருக்கிறது. புதிதாக ஆப்பை இறக்கிய ஒருவர், மெதுவான நெட்டில், மதிப்பு வந்து சேரும் முன்பே கார்ட்டுக்குப் போய்விட்டார். சர்வர் மதிப்பு இன்னும் வரவில்லை, டீஃபால்ட் வேறு பெயரில் இருக்கிறது. அந்த நிலையில் `getLong` பிழை எதையும் எழுப்பாது. அமைதியாக 0 கொடுக்கும். `getBoolean` என்றால் `false`, `getString` என்றால் வெற்று எழுத்து. ஆப் நொறுங்கியிருந்தால் க்ராஷ் ரிப்போர்ட்டில் அன்றைக்கே பார்த்திருப்போம். இது நொறுங்கவில்லை, அதனால் எத்தனை நாளாக இருந்தது என்பதே எங்களுக்குத் தெரியாது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது, பலர் பயன்படுத்துவதில்லை. `getValue("delivery_fee").source` என்று கேட்டால் மதிப்பு எங்கிருந்து வந்தது என்று ஒரு எண் கிடைக்கும். 2 என்றால் சர்வர், 1 என்றால் நாம் வைத்த டீஃபால்ட், 0 என்றால் இரண்டும் இல்லை. இந்த 0 ஒருமுறை வந்தாலும் லாகில் பதிவாகும்படி வையுங்கள். பெயர்ப் பிழை அன்றே பிடிபடும்.

இனி ரியல்டைம் வசதியைப் பற்றிக் கேட்பீர்கள். 2023-இல் வந்தது. `addOnConfigUpdateListener` போட்டால், ஆப் திறந்திருக்கும்போது பப்ளிஷ் ஆன செய்தி உடனே வரும், 12 மணி நேரக் காத்திருப்பு கிடையாது. வாசகங்களுக்கும், வசதிகளை இயக்கி அணைக்கும் சுவிட்சுகளுக்கும் நான் அதை மனமார ஆதரிக்கிறேன். விலைக்கு இல்லை. ஒருவர் கார்ட்டில் 30 பார்த்து விரலை ஆர்டர் பட்டனுக்குக் கொண்டுபோகும் நேரத்தில் அது 40 ஆனால், அதை நேர்மையான வியாபாரம் என்று என்னால் சொல்ல முடியாது.

பணம் எவ்வளவு என்பதைச் சொல்லும் உரிமை பில் போடும் சர்வருக்கு மட்டுமே இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அடுத்த வெர்ஷனில் அப்படித்தான் செய்தோம். கார்ட் திறந்ததும் ஆப் சர்வரிடம் மொத்தக் கணக்கைக் கேட்கும். சர்வர் தொகையோடு அதற்கான ஓர் அடையாள எண்ணும், அது பத்து நிமிடம் செல்லும் என்ற கெடுவும் தரும். ஆர்டர் போடும்போது அந்த எண் திரும்பப் போகும். கெடு தாண்டியிருந்தால் சர்வர் மறுக்கும், ஆப் புதுத் தொகையைக் காட்டி மறுபடி சம்மதம் கேட்கும். வாடிக்கையாளர் சம்மதித்த தொகைதான் பில்லில் வரும். ஆப்புக்குள் சந்தா விற்பவர்களுக்கும் இதே நியாயம்தான். "மாதம் ₹99" என்று கான்ஃபிக்கில் எழுதி வைக்காமல், ப்ளே ஸ்டோர் `ProductDetails`-இல் கொடுக்கும் `formattedPrice`-ஐ அப்படியே காட்டுங்கள். பிடிக்கப்போகிற தொகை அதுதான்.

சுவிட்சுகள் பற்றி ஒன்று மட்டும். பெயர் வைக்கும்போது, `false` வந்தால் என்ன ஆகும் என்று ஒரு நொடி யோசியுங்கள். எங்களிடம் `cod_enabled` என்று ஒன்று இருந்தது. மதிப்பு வராத போனில் அது `false` ஆகி, கையில் பணம் தரும் வசதியே மறைந்துபோகும். இப்போது `cod_disabled` என்று வைத்திருக்கிறோம். எதுவும் வராவிட்டால் கடை வழக்கம்போல நடக்கும். கன்சோலில் சுவிட்சை அணைத்தாலும் பல மணி நேரம் சில போன்களில் அது எரிந்துகொண்டுதான் இருக்கும், அதனால் சர்வரும் அந்த வகை ஆர்டரை மறுக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்தப் பத்து ரூபாயை நிர்வாகம் திருப்பிக் கொடுத்தது. அன்று எத்தனை தம்பிகள் கேட்காமலே விட்டார்கள் என்று எனக்குத் தெரியாது.

நான் அங்கிருந்து வரும்வரை `delivery_fee` கன்சோலில் அப்படியே இருந்தது. புது வெர்ஷன் அதைப் படிப்பதில்லை. ஆனால் ஆப்பைப் புதுப்பிக்காத போன்கள் இன்னும் படிக்கின்றன. அதை அழித்தால், அடுத்த முறை கேட்கும்போது அந்தப் போன்களில் டெலிவரி கட்டணம் ₹0 ஆகிவிடும்.