கோடு போட்டு அடித்த தேதி யாருக்குத் தெரியும்?

தேதி மாறிவிட்டது என்று சொல்ல, பழைய கிழமையின் குறுக்கே கோடு போட்டு, பக்கத்திலேயே புதியதைச் சிவப்பில் எழுதி அனுப்புகிறார்களே, அவர்களை என்ன செய்வது? எனக்கு வந்த ஒரு நேர்காணல் மெயில், போன் நோட்டிஃபிகேஷனில் இப்படித் தெரிந்தது: "நேர்காணல் செவ்வாய் வியாழன் காலை 10 மணிக்கு." கோடும் இல்லை, சிவப்பும் இல்லை. நான் எந்த நாள் போவது?

அனுப்பியவருக்கு இது தெரியவே தெரியாது. அவர் திரையில் எல்லாம் பளிச்சென்று இருந்திருக்கும். ஃபார்மேட்டிங் செய்த மெயில் பெரும்பாலும் இரண்டு பிரதிகளாகப் போகிறது. முதலில் வெறும் எழுத்து, அதாவது பிளெயின் டெக்ஸ்ட். அடுத்து நிறம், கோடு எல்லாம் தாங்கி வரும் எச்டிஎம்எல். வாங்குகிற ஆப் தன்னால் காட்ட முடிந்ததைக் காட்டும். அந்த வெறும் எழுத்துப் பிரதியை மெயில் மென்பொருளே தயாரிக்கிறது. அப்போது நிறம், கோடு எல்லாம் பொதுவாக உதிர்ந்துவிடும். நோட்டிஃபிகேஷனிலும் அதே கதிதான். "செவ்வாய் அல்ல, வியாழன்" என்று எழுதியிருந்தால் எந்தக் கருவியிலும் பிழைத்திருக்குமே! அர்த்தத்தைச் சொல்லில் வைக்காமல் நிறத்தில் வைப்பது அராஜகம்.

வேர்டிலிருந்து அப்படியே ஒட்டுவது இன்னொரு கொடுமை. எழுத்தோடு ஃபான்ட், அளவு, 'கறுப்பு' என்கிற நிறக் கட்டளை எல்லாம் சேர்ந்து வரும். டார்க் மோடில் சில ஆப்கள் பின்னணியை மட்டும் கறுப்பாக்கிவிட்டு அந்தக் கட்டளையை அப்படியே விட்டுவிடும். கறுப்பின் மேல் கறுப்பு! ஒட்டும்போது Ctrl+Shift+V அழுத்தினால் பெரும்பாலான இடங்களில் எழுத்து மட்டும் வரும். அதற்குக்கூடவா சோம்பல்?

சரி, பிளெயின் டெக்ஸ்ட்தான் உத்தமம் என்பவர்களாவது ஒழுங்கா? ஸ்பேஸ் தட்டித் தட்டி அட்டவணை கட்டுகிறார்கள். எல்லா எழுத்தும் ஒரே அகலமுள்ள ஃபான்டில்தான் அது நேராக நிற்கும். போனில் 'i' ஒல்லி, 'W' குண்டு. தமிழ் எழுத்தென்றால் கேட்கவே வேண்டாம். தொகை ஒரு பக்கம், பெயர் ஒரு பக்கம் என்று சிதறிவிடும். மூன்று பேரின் விவரம் என்றால் ஆளுக்கு ஒரு வரி எழுதுங்கள். முப்பது பேர் என்றால் பிடிஎஃப் இணையுங்கள்.

என்னைக் கேட்டால் அலுவல் கடிதத்துக்கு பிளெயின் டெக்ஸ்ட் போதும். நீளமான லிங்கை ஒரு சொல்லுக்குள் வைக்க வேண்டும், நிஜமான பட்டியல் வேண்டும் என்றால் எச்டிஎம்எல் போடுங்கள், நிறத்தையும் ஃபான்டையும் தொடாமல். அப்படிச் செய்தாலும், அனுப்புவதற்கு முன் மெயிலின் ஒரு நகலை நோட்பேடில் ஒட்டிப் படியுங்கள். அங்கே குழப்பினால், திருத்தாமல் அனுப்பாதீர்கள்.