'40 சதவீதம்' என்றால் எத்தனை பேர்?

எங்கள் குழுவில், செயலிகளைப் பயன்படுத்த எளிதாக வடிவமைக்கும் யூஎக்ஸ் டிசைனர் இடம் ஒன்று காலியானது. மூன்று ஆண்டு அனுபவம் வேண்டும் என்று அறிவித்திருந்தோம். வந்த ரெஸ்யூமேக்களை மூன்று மாலைகள் உட்கார்ந்து படித்தேன். பெரும்பாலானவற்றின் இடது ஓரத்தில் ஒரே காட்சி. ஃபிக்மா, ஸ்கெட்ச், அடோபி எக்ஸ்டி, இன்விஷன், மிரோ, ஃபோட்டோஷாப் என்று வடிவமைப்பு மென்பொருள்களின் ஒரு வரிசை. ஒவ்வொன்றின் பக்கத்திலும் நீலத்தில் ஒரு பட்டை. ஃபிக்மா 90 சதவீதம், ஸ்கெட்ச் 75 சதவீதம். எதில் 90 என்று கேட்டால் எழுதியவராலேயே சொல்ல முடியாது.

இந்தப் பட்டியலைப் பார்த்து ஆள் எடுக்கும் வழக்கத்தின் மீது எனக்குக் கோபம் உண்டு. அதில் இருக்கும் பெயர்களையே பாருங்கள். அடோபி எக்ஸ்டியைத் தனியாக விற்பதை அந்த நிறுவனம் 2023-இலேயே நிறுத்திவிட்டது. இன்விஷன் 2024 கடைசியோடு சேவையை மூடிவிட்டது. அவற்றில் கைதேர்ந்தவர்கள் ஃபிக்மாவுக்கு மாறிக்கொண்டார்கள். யாருடைய தொழிலும் அதனால் நின்றுவிடவில்லை. கருவியைக் கற்றுக்கொள்ளலாம், அதில் உள்ள தேர்ச்சியை அரை மணி நேரப் பயிற்சியில் சோதித்தும் விடலாம். ஒரு திரையில் மக்கள் ஏன் திணறுகிறார்கள் என்று கண்டுபிடிக்கும் திறமையை அப்படிச் சோதிக்க முடியாது. அதற்குத்தான் ஒரு வேலையை எப்படி ஆராய்ந்து செய்தோம் என்று எழுதிக் காட்டும் கேஸ் ஸ்டடி. ரெஸ்யூமேயில் இருக்கும் இணைப்பைத் திறந்து அதைப் படிக்காமல் ஒருவரை நிராகரிப்பதும் தவறு, அழைப்பதும் தவறு என்பது என் உறுதியான கருத்து.

ஆனால் கேஸ் ஸ்டடி இருக்கிறது என்பதால் மட்டும் ஆய்வு நடந்திருக்கிறது என்று ஆகிவிடாது. எங்களுக்கு வந்தவற்றில் இரண்டை எடுத்துச் சொல்கிறேன். ஆட்களின் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முதலாவது பார்க்க மிக அழகாக இருந்தது. ஒரு மளிகைச் செயலியின் மறுவடிவமைப்பு. சிக்கல், ஆய்வு, மாதிரிப் பயனரைக் கற்பனையாகச் சித்திரிக்கும் பெர்சோனா, திரையின் கோட்டு வரைவான வயர்ஃப்ரேம், இறுதித் திரைகள் என்று வரிசை தவறாமல் இருந்தது. ஆய்வுப் பக்கத்தில் மஞ்சள் ஸ்டிக்கி நோட்டுகள் ஒட்டிய படம். பெரிதாக்கிப் பார்த்தேன். 'பயனர்கள் எளிமையை விரும்புகிறார்கள்', 'வேகமான செக்அவுட் தேவை', 'நம்பகத்தன்மை முக்கியம்'. எதிரில் உட்கார்ந்து பேசும் மனிதர் யாரும் இப்படிப் பேசமாட்டார். 'போன வாரம் தக்காளி நசுங்கி வந்தது, அதிலிருந்து காய்கறியைக் கடையிலேயே வாங்கிக்கொள்கிறேன்' என்பார். அப்படி ஒரு வாக்கியம்கூட அந்தச் சுவரில் இல்லை. குறிப்புகள் எல்லாம் டிசைனரின் மொழியிலேயே இருந்தால், பயனர் பேசியதை அவர் எழுதிக்கொள்ளவில்லை, அல்லது பேசவே விடவில்லை என்றுதான் எடுத்துக்கொள்கிறேன்.

கடைசிப் பக்கத்தில், கொட்டை எழுத்தில்: 'பணி நிறைவு விகிதம் 40 சதவீதம் உயர்ந்தது'.

இந்த ஒரு வரிக்காகவே அவரை நேர்காணலுக்கு அழைத்தேன். எத்தனை பேரை வைத்துச் சோதித்தீர்கள் என்று கேட்டேன். ஐந்து பேர். பழைய வடிவில் ஐந்தில் மூன்று பேர் வேலையை முடித்தார்கள், புதிய வடிவில் ஐந்து பேரும் முடித்தார்கள். அறுபது நூறானது, வித்தியாசம் நாற்பது. அந்த நாற்பது சதவீதம் என்பது இரண்டு மனிதர்கள். இரண்டாவது சோதனைக்கு வந்தது யார் என்று கேட்டேன். அதே ஐந்து பேர்தான். ஒருமுறை திணறி வழி கண்டுபிடித்தவர்கள் மறுமுறை எளிதில் முடிப்பார்கள். அது வடிவமைப்பால் வந்ததா, பழக்கத்தால் வந்ததா என்று பிரிக்கவே முடியாது.

அவர் பொய் சொல்லவில்லை. ஐந்து பேர் போதும் என்று அவருடைய பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பேச்சு எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். பயன்பாட்டு எளிமை குறித்த நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2000-இல் எழுதிய ஒரு கட்டுரை அதைப் பரப்பியது. ஒரு சிக்கல் ஒரு பயனரிடம் வெளிப்பட சராசரியாக 31 சதவீத வாய்ப்பு உண்டு என்று வைத்துக்கொண்டால், ஐந்து பேரைக் கவனிக்கும்போது சிக்கல்களில் சுமார் 85 சதவீதம் கண்ணில் பட்டுவிடும் என்பது அந்தக் கணக்கு. சிக்கலைக் கண்டுபிடிப்பதற்கான கணக்கு அது. எவ்வளவு முன்னேறியது என்று அளப்பதற்கு அது பொருந்தாது. கண்டுபிடிப்பதற்கும் அதில் எல்லை இருக்கிறது. பத்தில் ஒருவருக்கு மட்டும் வரும் சிக்கலை எடுத்துக்கொண்டால், ஐந்து பேரிடம் அது ஒருமுறைகூடத் தென்படாமல் போக ஏறக்குறைய 59 சதவீத வாய்ப்பு உண்டு. பணம் செலுத்தும் திரையில் பத்தில் ஒருவர் மாட்டிக்கொண்டால் அது சிறிய விஷயமா? அதனால் ஐந்து பேரைச் சோதித்தவரை நான் குறை சொல்லமாட்டேன். ஐந்து பேரைச் சோதித்துவிட்டு சதவீதம் எழுதுகிறவரிடம் கேள்வி கேட்பேன்.

இரண்டாவது ரெஸ்யூமே ஒரே பக்கம். கருவிகளுக்கு ஒரு வரி, அதிலும் இரண்டே பெயர்கள். ஒரு கேஸ் ஸ்டடி. தோற்றத்தில் முதலாவதன் பக்கத்தில்கூட நிற்காது. வீட்டுக்கு வந்து இரத்த மாதிரி எடுத்துக்கொண்டு போகும் ஒரு பரிசோதனைக்கூடத்தின் செயலி பற்றியது. நேரம் தேர்ந்தெடுக்கும் திரையில் நிறையப் பேர் விலகிப் போகிறார்கள் என்று பதிவுகள் காட்டின. நாள்காட்டி சிறியதாக இருப்பதால்தான் என்று குழுவில் எல்லோரும் நம்பினார்கள். அதைப் பெரிதாக்கும் வேலை இந்தக் கேஸ் ஸ்டடியை எழுதிய பெண்ணிடம் வந்தது.

அவர் உடனே வரையத் தொடங்கவில்லை. ஏழு பேரைச் சந்தித்தார். நான்கு பேர் அறுபது வயதைக் கடந்தவர்கள். ஏன் அறுபதுக்கு மேல் என்பதையும் எழுதியிருந்தார்: வீட்டுக்கு வரச் சொல்கிறவர்களில் பெரும்பாலோர் அந்த வயதினர். எழுதியதில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த பகுதி அடுத்து வந்தது. முதல் இரண்டு பேரிடம் திரையைக் காட்டி, 'இது எளிதாக இருக்கிறதா?' என்று கேட்டிருக்கிறார். இருவரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். வீட்டுக்கு வந்த பெண்ணிடம் வேறு என்ன சொல்வார்கள்? தன் கேள்விதான் பதிலை வாயில் ஊட்டுகிறது என்று புரிந்துகொண்டு, அந்த இரண்டு சந்திப்புகளையும் முடிவுகளிலிருந்து நீக்கினார். மூன்றாமவரிடமிருந்து கேள்வியை மாற்றினார்: 'கடைசியாக எப்போது இரத்தப் பரிசோதனை செய்தீர்கள்? அன்றைக்கு நடந்ததை முதலிலிருந்து சொல்லுங்கள்.' பிறகு செயலியைக் கையில் கொடுத்துவிட்டு, பேசாமல் உட்கார்ந்து பார்த்தார்.

ஒரு பெரியவர் நேரம் தேர்ந்தெடுக்கும் திரை வரை தடங்கலின்றி வந்தார். நாள்காட்டியில் நாளையும் சரியாகத் தொட்டார். காலை ஏழு மணி, பதினொரு மணி என்று நேரங்கள் வந்ததும் கை நின்றது. 'வெறும் வயிற்றில் எடுக்க வேண்டுமா, சாப்பிட்டுவிட்டு எடுக்கலாமா? மகனிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்' என்று போனைக் கீழே வைத்தார். இந்த வாக்கியம் அப்படியே கேஸ் ஸ்டடியில் இருந்தது. நீக்கிய இருவர் போக மீதி ஐந்து பேரில் அவரையும் சேர்த்து மூன்று பேர் அதே இடத்தில், அதே சந்தேகத்தில் நின்றிருக்கிறார்கள். நாள்காட்டியின் அளவில் யாருக்கும் சிக்கல் இல்லை.

அவர் செய்த மாற்றம் மிகச் சிறியது. வெறும் வயிறு தேவைப்படும் பரிசோதனை என்றால், எத்தனை மணி நேரம் சாப்பிடக்கூடாது, தண்ணீர் குடிக்கலாமா என்று திரையின் மேலே ஒரு வரி. அதற்கு ஏற்ற காலை நேரங்கள் முதலில். பிறகு, முன்பு வராத வேறு ஐந்து பேரை வைத்துப் பார்த்தார். நான்கு பேர் முடித்தார்கள். ஒருவர் ரொக்கமாகத்தான் கொடுப்பேன் என்று பணம் செலுத்தும் திரையில் நின்றுவிட்டார். சதவீதம் எதுவும் எழுதவில்லை. 'வெளியீட்டுக்குப் பிறகு வேறு வேலைக்கு மாற்றப்பட்டதால், விலகுவோர் எண்ணிக்கை குறைந்ததா என்று என்னால் பார்க்க முடியவில்லை' என்று எழுதி முடித்திருந்தார். அந்த வரி இருந்ததால்தான் அதற்கு முந்தைய வரிகளையும் நம்பினேன்.

இதைப் பற்றி அலுவலகத்தில் பேசியபோது நண்பர் ஒருவர் நியாயமான மறுப்பு ஒன்றை வைத்தார். எல்லோருக்கும் பயனரைச் சந்திக்கும் வாய்ப்பு கிடைக்கிறதா? சேவை நிறுவனங்களில் வாடிக்கையாளர் கேட்ட திரையை வரைந்து கொடுப்பதுதான் வேலை. இரகசிய ஒப்பந்தம் இருந்தால் அதைக்கூடக் காட்ட முடியாது. உண்மைதான். அப்படிப்பட்டவரிடம் நிறுவனத்தின் பெயரையும் திரைகளையும் நான் கேட்பதில்லை. எந்தக் கேள்விக்கு விடை தேடினீர்கள், அதற்கு ஏன் இந்த முறையை எடுத்தீர்கள் என்று மட்டும் கேட்கிறேன். பெயர்களை மறைத்துவிட்டு இதைச் சொல்ல முடியும். நேரடிப் பயனர் கிடைக்காதவர் வாடிக்கையாளர் சேவைக்கு வந்த நூறு புகார்களைப் படித்து வகை பிரித்திருந்தால், அதுவும் எனக்கு ஆய்வுதான். என்ன கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று சொன்னால் போதும்.

இன்னொன்றையும் கவனிக்கிறேன். 'நாங்கள் பதினைந்து பேரை நேர்கண்டோம்' என்ற வரியில் எழுதியவர் எத்தனை பேரைக் கண்டார்? கேள்வித்தாளை யார் எழுதினார்கள்? உங்கள் எண்ணத்துக்கு நேர்மாறாகப் பேசியவர் யார், என்ன சொன்னார் என்று கேட்டால், அறையில் இருந்தவர் யோசிக்காமல் ஒரு முகத்தை நினைவுக்குக் கொண்டுவந்து பேசத் தொடங்குவார். இல்லாதவர் மீண்டும் பெர்சோனாவைத்தான் விவரிப்பார்.

ஹெச்ஆர் மென்பொருள் கருவிப் பெயர்களைத் தேடுகிறதே, அதை எடுத்துவிட்டால் ரெஸ்யூமே எங்கள் கைக்கே வராதே என்று சிலர் கேட்பார்கள். எடுக்கச் சொல்லவில்லை. ஒரு வரியில் எழுதுங்கள், பட்டை போடாதீர்கள். மிச்சமாகும் இடத்தில் கேஸ் ஸ்டடியின் சாரத்தை நான்கு வரி எழுதுங்கள்: யாரை, எத்தனை பேரைப் பார்த்தீர்கள், என்ன கேட்டீர்கள், எது நீங்கள் எதிர்பாராதது, அதனால் எதை மாற்றினீர்கள்.

வேலை அந்தப் பரிசோதனைக்கூடச் செயலியில் உழைத்தவருக்குப் போனது. நேர்காணலில் கேள்வித்தாள் இருக்கிறதா என்று கேட்டதும் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். முதல் கேள்வி பேனாவால் அடிக்கப்பட்டு, மேலே புதியது எழுதப்பட்டிருந்தது.

மளிகைச் செயலி இளைஞரிடம் ஏன் எடுக்கவில்லை என்பதை மறைக்காமல் சொன்னேன். பத்து நாள் கழித்து இணைப்பு ஒன்றை அனுப்பினார். கொட்டை எழுத்து போயிருந்தது. அந்த இடத்தில், 'முதல் சோதனையில் 5 பேரில் 3 பேர் முடித்தார்கள். அதே 5 பேரை வைத்து நடத்திய இரண்டாவது சோதனையில் 5 பேரும் முடித்தார்கள். புதியவர்களை வைத்து இன்னும் பார்க்கவில்லை' என்று இருந்தது. அடுத்த காலியிடத்துக்கு முதலில் அவரைத்தான் அழைக்கப்போகிறேன்.