உப்பு எவ்வளவு சித்தி?

சித்தி போன மாதம் நார்த்தங்காய் ஊறுகாய் ரீல்ஸ் ஒன்று போட்டார். எடிட் பண்ணிக் கொடுத்தது நான்தான். உப்பு, மிளகாய்த்தூள், நல்லெண்ணெய் எல்லாவற்றுக்கும் அளவை அழகாக, மஞ்சள் எழுத்தில், திரையின் அடியில் போட்டிருந்தேன். கமெண்டில் பாதிப்பேர் கேட்டது ஒரே கேள்வி: உப்பு எவ்வளவு? முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது, கண் தெரியவில்லையா என்று. அப்புறம் சித்தியின் போனிலேயே திறந்து பார்த்தால் அளவு இருந்த இடத்தில் சித்தியின் கணக்குப் பெயர், அதன் கீழே நான் எழுதிய கேப்ஷன், அதற்கும் கீழே பாட்டின் பெயர். கிராம் கணக்கு மொத்தமும் அதற்கு அடியில் கிடந்தது. மீதி இருந்த ஒரு வரியின் வலது முனையை ஷேர் பட்டன் தின்றுவிட்டது.

எழுத்து என்றால் அடியில்தான் போட வேண்டும் என்பது டிவி பார்த்து வந்த பழக்கம். டிவியில் அடிப்பகுதி நம்முடையது, செங்குத்து வீடியோவில் அது ஆப்புடையது. மெட்டா தன் ரீல்ஸ் விளம்பரக்காரர்களுக்குச் சொல்லும் கணக்கே மேலே சுமார் 14 சதவீதம், கீழே 35 சதவீதம், பக்கவாட்டில் 6 சதவீதம் காலியாக விடு என்பதுதான். 1080க்கு 1920 அளவு வீடியோவில் அது மேலே சுமார் 270 பிக்சல், கீழே 670 பிக்சல். மிஞ்சுவது கிட்டத்தட்ட ஒரு சதுரம். விளம்பரத்தில் கூடுதலாக ஒரு பட்டன் வருவதால் நமக்கு அவ்வளவு தேவையில்லை என்பார்கள். நான் அதையே வைத்துக்கொள்கிறேன், கேப்ஷன் நீளமானால் அந்த இடமும் போய்விடும்.

ஆனால் இதை எடிட்டிங்கில் சரிசெய்யப் பார்ப்பதுதான் தப்பு என்பது என் கட்சி. சித்தி பாத்திரத்தை ஃபிரேமை நிறைத்து எடுத்திருந்தார். எழுத்தை மேலே நகர்த்தினால் ஊறுகாய் மேலேயே உட்காருகிறது, சிவப்பு மேல் மஞ்சள், ஒன்றும் படிக்க முடியவில்லை. அதனால் திரும்ப எடுத்தோம். போன் கேமரா செட்டிங்கில் கட்டக் கோடுகளைப் போட்டுக்கொண்டால் திரை மூன்று பங்காகப் பிரியும். ஒரு பங்கு 640 பிக்சல், ஆகவே கடைசிப் பங்கும் அந்த 35 சதவீதமும் ஏறக்குறைய ஒன்றுதான், தனியாக அளக்கவே வேண்டாம். அங்கே வெறும் மேஜைத் துணி. நடுப் பங்கில் பாத்திரமும் கையும். மேல் பங்கில் பின்னாலிருக்கும் சுவர், அதில்தான் எழுத்து. இதற்குப் போனைக் கொஞ்சம் பின்னால் தள்ளி வைக்க வேண்டியிருந்தது, சித்திக்கு அது பிடிக்கவில்லை, பாத்திரம் சின்னதாகத் தெரிகிறதாம்.

மேல் பங்கிலும் முழுசாக இடம் கிடைக்காது. ஃபீடில் அதே வீடியோ 4:5 ஆக வெட்டித் தெரியும்போது மேலேயும் கீழேயும் 285 பிக்சல் போய்விடும். நான் 300இல் தொடங்கி 640க்குள் முடிக்கிறேன். 70 அளவு எழுத்தில் மூன்று வரி வரும். தமிழுக்கு இடைவெளி கொஞ்சம் தாராளமாக வேண்டும், மேல் வரியின் ‘தூ’ கால் கீழே இறங்கி அடுத்த வரியின் ‘மீ’ மேல்சுழியில் இடிக்கும். மிளகாய்த்தூள் மாதிரி நீளமான சொல்லுக்காக எழுத்தைச் சுருக்காமல், ஒரு நேரத்தில் ஒரே பொருள், மேல் வரியில் பெயர், கீழ் வரியில் அளவு என்று வைத்தேன். பக்கவாட்டில் 110 பிக்சல் விட்டேன். ஏனென்றால் 20:9 போன் திரையை நிரப்ப வீடியோ பெரிதாக்கப்பட்டால் இரு ஓரத்திலும் பத்து பத்து சதவீதம் வெட்டுப்படும்.

இந்த எண்களை அப்படியே நம்பாதீர்கள், ஒவ்வொரு ஆப்பும் பட்டனை ஒவ்வொரு இடத்தில் வைக்கிறது, அப்டேட்டில் நகர்த்தவும் செய்கிறது. நான் செய்தது இது: 1080க்கு 1920 வெள்ளைப் பலகையில் நூறு பிக்சலுக்கு ஒரு கோடு, நெடுகிலும் குறுக்கிலும், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதன் எண். அதை ஐந்து நொடி வீடியோவாக்கி, ஆள் இல்லாத ஒரு கணக்கில், மூன்று வரிக் கேப்ஷனும் பாட்டும் சேர்த்துப் போட்டேன். கேப்ஷன் இல்லாமல் போட்டால் அடிப்பகுதி காலியாகத் தெரிந்து ஏமாற்றும். பிறகு என் போனிலும் சித்தியின் பழைய போனிலும் ஸ்கிரீன்ஷாட். எந்த எண் மறைகிறதோ அங்கே எழுத்து கிடையாது. வலது பக்கப் பட்டன் வரிசை எந்த எண்ணில் தொடங்குகிறது என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். இரண்டு போனிலும் எண்கள் ஒரே இடத்தில் மறையவில்லை, மோசமானதைத்தான் எடுத்துக்கொண்டேன்.

புது வீடியோவில் உப்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஊறுகாய் ஆர்டருக்கான போன் நம்பரை மட்டும் சித்தி பிடிவாதமாக அடியில்தான் வேண்டும் என்கிறார், இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.