கணவன் மனைவிக்கு மூன்று கணக்கு வேண்டும்

கோத்தகிரிப் பக்கம் கல்யாணமான புதிதில் எல்லோருக்கும் கிடைக்கும் அறிவுரை ஒன்றுதான்: “ரெண்டு பேரும் ஒரே கணக்கு வச்சுக்கங்க, அதுதான் ஒற்றுமை.” இதில் எனக்கு உடன்பாடில்லை. இருவருக்கும் தனித்தனிக் கணக்கு இருக்கட்டும், வீட்டுச் செலவுக்கு மட்டும் ஒரு கூட்டுக் கணக்கு போதும் என்பதுதான் என் கருத்து. மாதச் சம்பளம் ஒரு பக்கம், தேயிலைப் பணம் மறுபக்கம் என்று வருமானம் வருகிற மலை வீடுகளுக்கு இது மிகவும் பொருந்தும்.

எங்கள் வீட்டுக் கணக்கையே கொஞ்சம் முழு எண்களாக்கிச் சொல்கிறேன். நான் ஆசிரியை, கைக்கு வருவது மாதம் 36,000. அவருக்கு இரண்டரை ஏக்கர் தேயிலையும் ஒரு பிக்கப் வண்டியும். பறிகூலி, உரம், கவாத்து, டீசல் எல்லாம் போக வருடக் கணக்கில் பார்த்தால் சராசரியாக மாதம் 24,000 நிற்கும். சராசரி என்றுதான் சொல்ல முடியும். கோடை மழைக்குப் பிறகு கொழுந்து தள்ளும்போது நிறைய வரும். பனி விழும் மாதங்களில் பாதிகூட வராது. போதாக்குறைக்கு, இந்த மாதம் போட்ட இலைக்கு ஃபேக்டரி அடுத்த மாதம்தான் பணம் போடும்.

இப்போது பொதுச் செலவு. வாடகை 8,000. மளிகை, காய்கறி, பால் 12,000. கேஸ், கரண்ட், செல்போன் எல்லாம் சேர்த்து 2,500. பள்ளிக் கட்டணம் வருடத்துக்கு 42,000, அதைப் பன்னிரண்டால் வகுத்தால் 3,500. பிள்ளையின் வேன் 1,500. மருந்து, வீட்டுப் பழுது என்று 2,500. மொத்தம் 30,000. இங்கே கவனிக்க வேண்டியது அந்த வகுத்தல்தான். கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது, பள்ளிக் கட்டணம் ஜூனில் வருகிறது. வந்தபோது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், அந்த மாதம் யார் கையில் பணம் இருக்கிறதோ அவர் தலையில் விழும். மாதா மாதம் ஒதுக்கிவிட்டால் ஜூன் மாதமும் சாதாரண மாதம்தான்.

இந்த 30,000ஐ ஆளுக்குப் பாதி என்று 15,000 போடுவது பார்வைக்கு நியாயமாகத் தெரியும். போட்டபின் என்னிடம் 21,000 மீதி, அவரிடம் 9,000. ஒரே வீட்டில் ஒருவர் தாராளமாகவும் இன்னொருவர் இழுத்துப் பிடித்தும் வாழ வேண்டிவரும். அதனால் வருமான விகிதப்படி போடுகிறோம். 60,000 வருமானத்தில் என் பங்கு 60 சதவீதம், அவர் பங்கு 40. நான் 18,000, அவர் 12,000. இருவரிடமும் அவரவர் வருமானத்தில் சரிபாதி மிஞ்சுகிறது. அந்த மீதியை அவரவர் என்ன செய்தார்கள் என்று மற்றவர் கேட்பதில்லை. நான் என் அம்மாவுக்குக் கொடுப்பதும், அவர் தோட்டத்துக்குப் புது நாற்று வாங்குவதும் அதிலிருந்துதான்.

சரி, பனிக்காலத்தில் அவர் 12,000க்கு எங்கே போவார்? இலைப் பணம் நன்றாக வரும் ஆறு மாதம் 16,000 போடுகிறார், மற்ற ஆறு மாதம் 8,000. வருடம் முடியும்போது எப்படிப் பார்த்தாலும் 1,44,000தான். நல்ல மாதங்களில் கூடுதலாகச் சேர்ந்த 4,000 கூட்டுக் கணக்கில் கிடந்து, மெலிந்த மாதங்களில் பற்றாக்குறையை அடைக்கிறது. ஆகவே இந்த முறையை ஜனவரியில் தொடங்காதீர்கள். இலை நன்றாக வரும் காலத்தில் தொடங்கினால்தான் முதல் பனிக்காலத்துக்குள் கையிருப்பு சேர்ந்திருக்கும். விலை ஒரேயடியாகச் சரிந்துவிட்டால் விகிதத்தையே மாற்ற வேண்டும். நாங்கள் ஏப்ரலில் முந்தைய 12 மாத வருமானத்தைப் பார்த்துத் திருத்துகிறோம்.

அப்புறம் வங்கி வேலை. இருவரும் ஆதார், பான், போட்டோ எடுத்துக்கொண்டு போய்ப் புதிதாக ஒரு கூட்டு சேமிப்புக் கணக்கு திறந்துகொள்ளலாம். விண்ணப்பத்தில் கணக்கை யார் இயக்குவது என்று ஒரு கேள்வி இருக்கும். அங்கே ‘எய்தர் ஆர் சர்வைவர்’ என்று தேர்ந்தெடுத்தால் இருவரில் யார் வேண்டுமானாலும் தனியாக எடுக்கலாம், ஒருவர் காலமானால் மற்றவர் தொடர்ந்து இயக்கலாம். ‘ஜாயின்ட்லி’ என்றால் ஒவ்வொன்றுக்கும் இருவர் கையெழுத்தும் வேண்டும், பால்காரருக்கு யுபிஐயில் அனுப்பும் கணக்குக்கு அது ஒத்துவராது. இருவர் செல் எண்ணும் பதிவாகியிருக்கிறதா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். குறுஞ்செய்தி முதல் பெயருக்கு மட்டும் போனால், இரண்டாவது பெயர் வெறும் பெயராகவே இருக்கும்.

இந்த முதல் வகைக் கணக்கில் ஓர் ஆபத்தும் உண்டு. ஒருவர் நினைத்தால் மொத்தத்தையும் துடைத்து எடுத்துவிடலாம், வங்கி தடுக்காது. அதனால்தான் சேமிப்பு முழுவதையும் கூட்டுக் கணக்கில் வைக்கக் கூடாது என்கிறேன். ஒரு மாதச் செலவும் பனிக்காலக் கையிருப்பும் இருந்தால் போதும். பயிர்க்கடன் தவணையையும் வண்டித் தவணையையும் இந்தக் கணக்கில் கோக்க வேண்டாம். அவை தொழில் செலவு. தவணை தானாகப் பிடிபட்ட மறுநாள் வாடகைக்குப் பணம் இல்லை என்றால் முறையே குலைந்துவிடும். தனிக் கணக்குகளில் ஒருவருக்கொருவர் நாமினி போட்டுவிடுங்கள். கூட்டுக் கணக்குக்கும் நாமினி உண்டு, ஆனால் அவருக்கு வேலை வருவது கணக்குதாரர் இருவரும் இல்லாதபோதுதான்.

என் சம்பளம் வந்த மறுநாளே 18,000 தானாக மாறும்படி வங்கியில் சொல்லி வைத்திருக்கிறேன். இலைப் பணம் வரும் தேதி நிலையில்லாததால் அவர் கையால்தான் போடுகிறார். வாடகையும் பில்களும் கூட்டுக் கணக்கிலிருந்து மட்டுமே போகும். அவசரத்துக்கு யாராவது தன் கைப்பணத்தில் சிலிண்டர் வாங்கினால், அன்றே கூட்டுக் கணக்கிலிருந்து தனக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். “பரவாயில்லை, இருக்கட்டும்” என்று விடும் பழக்கம்தான் இந்த முறையைக் கெடுக்கிறது. சில மாதம் கழித்து யார் எவ்வளவு போட்டார் என்று இருவருக்கும் தெரியாது, ஆனால் இருவருமே தான்தான் அதிகம் போட்டதாக நம்புவார்கள். மாதம் 25ஆம் தேதி வாக்கில் இருப்பைப் பாருங்கள். இலைப் பணம் நன்றாக வந்து, பெரிய செலவும் இல்லாத மாதத்தில்கூட அது குறைந்துகொண்டே வந்தால் 30,000 என்ற மதிப்பீடு தப்பு. பெரும்பாலும் மளிகைதான் ஏறியிருக்கும்.

மனைவிக்குச் சம்பளம் இல்லாத வீட்டில் விகிதம் போட முடியாதே என்று கேட்பார்கள். எங்கள் பக்கம் அப்படிச் சொல்லப்படும் பெண்களில் பலர் சொந்தத் தோட்டத்தில் இலை பறிக்கிறவர்கள். என் நாத்தனார் அப்படித்தான். காலையில் சமைத்து வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனால் மதியம் எடை போடும்வரை பறிக்கிறார். இலைப் பணம் அவர் கணவர் கணக்கில் விழுகிறது. வெளியாள் பறித்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்துச் செலவில் எழுதுவோமே, வீட்டுப் பெண் பறித்தால் அதை ஏன் லாபத்தில் சேர்க்கிறோம்? அந்தக் கூலி அவருடைய வருமானம். இலைப் பணம் வந்ததும் அவர் பறித்த கிலோவுக்கு வெளியாள் கூலி என்னவோ அதை அவர் பெயரில் உள்ள கணக்குக்கு மாற்ற வேண்டும். மீதியைக் கணவரின் வருமானமாக வைத்து விகிதம் போடலாம். எடைச் சீட்டு எல்லார் வீட்டிலும் இருக்கிறது, கணக்கு பார்ப்பது கஷ்டமில்லை.

வெளி வருமானம் எதுவுமே இல்லாமல் வீட்டையும் பிள்ளைகளையும் பார்ப்பவர்களுக்கு, பொதுச் செலவும் சேமிப்பும் போக மிஞ்சுவதைச் சரிபாதியாகப் பிரித்து அவர் கணக்கில் போடுங்கள். கையில் கொடுக்காதீர்கள், கணக்கில் போடுங்கள். கையில் கொடுத்தது மறுபடி மளிகைக்கே போய்விடும்.