பாட்டியின் ‘ஒரு கை உப்பு’ எத்தனை கிராம்?

பத்து வயதுப் பிள்ளையோடு சேர்ந்து குடும்பச் சமையல் புத்தகம் செய்கிறவர்கள் பெரும்பாலும் அழகான நோட்டும் வண்ணப் பென்சிலும் வாங்குவதில்தான் தொடங்குகிறார்கள். முதலில் வேண்டியது சமையலறைத் தராசு என்பேன். படமும் கதையும் எவ்வளவு நன்றாக இருந்தாலும், ‘உப்பு தேவையான அளவு’ என்று எழுதிய பக்கத்தை வைத்துக்கொண்டு யாராலும் சமைக்க முடியாது.

பாட்டியிடம் அளவு கேட்டால் சரியான பதில் வராது. அவர் மறைக்கவில்லை, அந்தக் கணக்கு அவர் கையில்தான் இருக்கிறது. “ஒரு சிட்டிகை எடுத்துக் காட்டுங்க பாட்டி” என்றாலும் பயனில்லை. காட்டுவதற்காக எடுக்கும் சிட்டிகை வேறு, சமைக்கும்போது தன்னை மறந்து போடும் சிட்டிகை வேறு. அதனால் பாட்டியை விட்டுவிட்டு டப்பாவை எடை போட வேண்டும். சமைக்கும் முன் உப்பு டப்பா, எண்ணெய் பாட்டில் எல்லாவற்றையும் பிள்ளை நிறுத்து எழுதிக்கொள்ளட்டும். சமைத்து முடித்ததும் மறுபடி நிறுத்துக் கழித்தால் போதும்.

அரைக் கிலோ உருளைக்கிழங்கு வறுவலை எடுத்துக்கொள்வோம். உப்பு டப்பா முன்பு 412 கிராம், பிறகு 405. ஆக, 7 கிராம் உப்பு. எண்ணெய் பாட்டில் 860-லிருந்து 824 ஆனால் 36 கிராம். எண்ணெய் தண்ணீரை விட லேசு என்பதால் அது சுமார் 39 மில்லி. இடையில் இரண்டாவது முறை உப்புத் தூவியிருந்தாலும் கணக்கில் வந்துவிடும். ஆனால் நடுவில் வேறொருவர் அதே டப்பாவிலிருந்து இன்னொரு பாத்திரத்துக்கு உப்பு அள்ளினால் கணக்கு கெட்டுவிடும். உப்பைக் கரண்டிக் கணக்கில் மட்டும் எழுத வேண்டாம். தூள் உப்பும் கல் உப்பும் ஒரே கரண்டியில் ஒரே எடை வராது. எந்த உப்பு என்பதும் பக்கத்தில் இருக்கட்டும்.

மஞ்சள்தூள் போன்றவற்றில் ஒரு சிக்கல் உண்டு. சாதாரணத் தராசு ஒரு கிராமுக்குக் கீழே காட்டாது. அங்கே மட்டும் பாட்டியைப் பத்துச் சிட்டிகை எடுக்கச் சொல்லி, மொத்தமாக நிறுத்துப் பத்தால் வகுக்கலாம். துல்லியம் குறைவுதான், ஆனாலும் வெறும் ‘கொஞ்சம்’ என்பதை விட மேல். பாட்டி சொன்ன ‘ஒரு கை’யை அழித்துவிட வேண்டாம், அதை எழுதி, பக்கத்திலேயே கிராமையும் எழுதுங்கள்.

ஓவியத்தை அலங்காரமாக வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. புகைப்படம் சொல்ல முடியாததை அது சொல்ல வேண்டும். நறுக்கிய கிழங்குத் துண்டு ஒன்றைத் தாளில் வைத்துச் சுற்றிக் கோடு போடச் சொல்லுங்கள். அதுவே நிஜ அளவு. துண்டு பெரிதானால் வேகும் நேரம் மாறும் என்பதால் இந்தக் கோடு மிக முக்கியம். ஸ்கேன் செய்து அச்சிடும்போது அளவை நூறு சதவீதத்திலேயே வைக்காவிட்டால் இந்த வேலையே வீண். பென்சில் கோடு ஸ்கேனில் மங்கிவிடும், கறுப்புப் பேனா நல்லது.

புகைப்படம் நிறத்துக்காக. ‘பொன்னிறம்’ எது என்பதைப் படம்தான் காட்டும். ஆனால் மஞ்சள் விளக்கின் கீழ் எடுத்தால் வேகாத கிழங்கும் பொன்னிறமாகத் தெரியும். இரண்டு துண்டை வெள்ளைத் தட்டில் எடுத்து, ஜன்னல் ஓரம் வைத்து, ஃபிளாஷ் இல்லாமல் எடுக்கட்டும். அடுப்புக்கு நேர் மேலே போனை நீட்டினால் ஆவி லென்ஸில் படியும், பிள்ளைக்கும் ஆபத்து.

கதைக்கு வருவோம். “உங்க சின்ன வயசு பத்திச் சொல்லுங்க” என்றால் தாத்தா இரண்டு வரியில் முடித்துவிடுவார். “அப்போ என்ன அடுப்பு?”, “இதை யார் சாப்பிட மாட்டாங்க?”, “முதல் தடவை செஞ்சப்போ என்ன கெட்டுப்போச்சு?” என்று கேட்டால் பேச்சு நிற்காது. அடுப்பை அணைத்த பிறகு போனில் பதிவு செய்யுங்கள், தாளிக்கும் சத்தத்தில் குரல் கேட்காது. அதிலிருந்து ஐந்தாறு வரியைப் பிள்ளை எடுத்து எழுதட்டும், தாத்தா பேசிய பேச்சிலேயே. தாத்தா ஒன்று, பாட்டி ஒன்று சொன்னால் இரண்டையும் போடலாம். அச்சுக்கு முன் இருவருக்கும் வாசித்துக் காட்டுவது அவசியம். பேச்சு வாக்கில் சொன்னதெல்லாம் எழுத்தில் வருவதை அவர்கள் விரும்பாமல் இருக்கலாம்.

கடைசியில் ஒரு சோதனை. அந்த உணவை இதுவரை செய்யாத ஒருவர் பக்கத்தைப் பார்த்துச் சமைக்க, பிள்ளை வாய் திறக்காமல் சிவப்புப் பேனாவோடு அருகில் நிற்க வேண்டும். அவர் எங்கே தயங்குகிறாரோ அங்கே ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது. பெரும்பாலும் அது மூடி போடுவதா, தீ எவ்வளவு, உப்பு எப்போது என்பதாகத்தான் இருக்கும். திருத்தங்கள் வந்துகொண்டே இருக்கும், எனவே பைண்டிங் வேண்டாம். வளையக் கோப்பும் பிளாஸ்டிக் உறைகளும் போதும்: எண்ணெய்க் கை பட்டால் துடைக்கலாம், ஒரு தாளை மட்டும் மாற்றலாம்.