பத்து வருட வாரன்டிக்குப் பத்து மாதம் தாங்காத பில்லா?

எனக்கு இன்னும் கோபம் அடங்கவில்லை. வேளச்சேரியில் அக்கா வீட்டு ஏசி மே மாத வெயிலில் நின்றுபோனது. வந்து பார்த்த டெக்னீஷியன் கம்ப்ரசர் போச்சு என்றார். 2019 ஜூனில் வாங்கியது, கம்ப்ரசருக்குப் பத்து வருட வாரன்டி. சரி, பிரச்சினை இல்லை என்று நினைத்து சர்வீஸ் சென்டருக்கு அழைத்தால் பில் கேட்டார்கள். அக்கா ஃபைலில் பத்திரமாக வைத்திருந்த பில்லை எடுத்தால் வெள்ளைக் காகிதம். ஓர் எழுத்துகூட இல்லை.

அது தெர்மல் காகிதம். மை கிடையாது, சூட்டில்தான் எழுத்து விழுகிறது. வெளிச்சம் பட்டால் மங்கும், பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்தால் இன்னும் சீக்கிரம் அழியும், லேமினேஷன் செய்தால் அந்தச் சூட்டிலேயே முழுக்கக் கறுத்துப்போகும். இது தெரிந்தும் பெரிய ஷோரூம்காரர்கள் பல ஆயிரம் ரூபாய்ப் பொருளுக்கு அந்தச் சுருள் காகிதத்தை நீட்டுகிறார்கள்!

கடையில் போய்க் கேட்டால், "சிஸ்டம் மாத்திட்டோம் மேடம், பழைய பில் எல்லாம் வராது" என்கிறார்கள். ஜிஎஸ்டி சட்டப்படி கணக்கையும் பில்லையும், அந்த ஆண்டுக்கான ரிட்டர்ன் தாக்கல் செய்யக் கடைசி நாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். 2019 பில் இன்னும் அவர்களிடம் இருந்தாக வேண்டிய காலம் அது. அக்கா வங்கிக் கணக்கில் பணம் போன தேதியையும் தொகையையும் காட்டி, மேனேஜரிடம் சத்தம் போட்ட பிறகுதான் நகல் வந்தது. ஆனால் அந்த 72 மாதமும் முடிந்தால்? கம்ப்ரசருக்கு இன்னும் சில வருடம் வாரன்டி மிச்சம் இருக்கும், பில்லைத் தேடித்தரக் கடைக்குக் கடமை இருக்காது.

அதோடு முடிந்ததா? நகலில் இன்டோர் யூனிட்டின் சீரியல் எண் மட்டும்தான் இருந்தது. கம்ப்ரசர் இருப்பதோ அவுட்டோரில். மொட்டை மாடியில் இத்தனை வருடம் காய்ந்த ஸ்டிக்கரில் பாதி எண் மறைந்துவிட்டது. ஸ்பிளிட் ஏசி வாங்குகிறவர்களே, மாட்டுவதற்கு முன்பே இரண்டு ஸ்டிக்கரையும் போட்டோ எடுங்கள். குடோனிலிருந்து வந்த பெட்டியின் எண் பில்லில் உள்ள எண்தானா என்று டெலிவரி ஆள் நிற்கும்போதே பாருங்கள். வேறாக இருந்தால் அன்றைக்கே கடையில் திருத்தி வாங்க வேண்டும்.

இதற்குப் பிறகு எங்கள் இரண்டு வீட்டுச் சாமான்களையும் கூகுள் ஷீட்டில் ஏற்றினேன். பொருளுக்கு ஒரு வரி போட்டால் போதாது, வாரன்டிக்கு ஒரு வரி வேண்டும். அக்கா ஏசிக்கு மூன்று வரி: முழு ஏசி 12 மாதம், பிசிபி போர்டு 60, கம்ப்ரசர் 120. ஒவ்வொன்றிலும் பொருள், பாகம், சீரியல் எண், பில் தேதி, மாதம், முடியும் நாள், பில் போட்டோவின் லிங்க். பில் தேதி D-யிலும் மாதம் E-யிலும் இருந்தால், முடியும் நாளுக்கு இது:

```
=EDATE(D2,E2)-1
```

விடை தேதியாக வராமல் ஐந்து இலக்க எண்ணாக வந்தால், அந்தக் கட்டத்துக்குத் தேதி ஃபார்மட் கொடுத்தால் போதும்.

இங்கேயும் ஒரு தொல்லை. ஷீட்டின் லொக்கேல் அமெரிக்காவாக இருந்தால், 05/06/2019 என்று அடித்த ஜூன் 5-ஐ அது மே 6 என்று எடுத்துக்கொள்ளும். கம்ப்ரசர் வாரன்டி 2029 ஜூன் 4-க்குப் பதில் மே 5-லேயே முடிவதாகக் காட்டும். கோடையில் ஒரு மாதம் காணாமல் போகிறது, எந்த எச்சரிக்கையும் வராது! 25/06/2019 என்று அடித்தால் மட்டும் அது இடது பக்கம் ஒட்டி வெறும் எழுத்தாக நிற்கும், அப்போதுதான் தப்பு தெரியும். File, Settings-இல் லொக்கேலை India என்று மாற்றிவிட்டு, ஏற்கெனவே அடித்த தேதிகளையும் சரிபாருங்கள். சீரியல் எண் கட்டத்தைப் பிளெயின் டெக்ஸ்ட் ஆக்காவிட்டால் முன்னால் உள்ள பூஜ்யங்கள் பறந்துவிடும்.

ஒன்பது வரி ஏற்றுவதற்குள் மூன்று பில்கள் மங்கிக் கிடப்பதைப் பார்த்தேன். மிச்சம் இருந்த எழுத்தை அன்றே போட்டோ எடுத்தேன்.

இவ்வளவும் வாங்குகிறவர் தலையில் ஏன் விழ வேண்டும்? பத்து வருட வாரன்டி என்று விளம்பரப் பலகையில் ஆள் உயரத்துக்கு எழுதுகிறார்களே, அந்தப் பில்லை ஏ4 தாளில், இரண்டு சீரியல் எண்ணோடு அடித்துத் தர என்ன கேடு? இனி எங்கள் வீட்டில் யார் எந்தச் சாமான் வாங்கினாலும், அப்படி ஒரு தாள் கைக்கு வராமல் பணம் கட்டப் போவதில்லை.